"மனம் விட்டுப் பேசுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்: குடும்பநல ஆலோசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக ஆலோசகர்களுக்கு,

வணக்கம். கணவன் மனைவியாக வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவதே என் வேலையாகிப் பல வருடங்கள் ஓடிவிட்டன. இத்தனை வருடத்தில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் எது என்று ஒருநாள் யோசித்துப் பார்த்தேன். "ரெண்டு பேரும் மனம் விட்டுப் பேசுங்க." நீங்களும் சொல்லியிருப்பீர்கள். அதை இனிமேல் சொல்லாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எப்போது பேசுவது, எவ்வளவு நேரம் பேசுவது, எதில் ஆரம்பிப்பது, எங்கே நிறுத்துவது, இவற்றில் எதையுமே அந்த வாக்கியம் சொல்வதில்லை. அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் நாலு நாள் தயங்குகிறார்கள். ஐந்தாம் நாள் இரவு பதினொரு மணிக்கு, இருவரும் களைத்துப் போயிருக்கும் நேரத்தில், யாராவது ஒருவர் ஆரம்பிக்கிறார். ஈரத் துண்டில் தொடங்கிய பேச்சு கல்யாணத்தில் நடந்த அவமானம் வரை போய், ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுப்பதில் முடிகிறது. அடுத்த முறை வரும்போது, "நீங்க சொன்னபடிதான் பேசினோம், அதுக்கப்புறம்தான் இன்னும் மோசமாச்சு" என்கிறார்கள். இதைப் பல பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது உண்மை. தப்பு என் பக்கம்தான்.

இப்போது நான் அந்த வாக்கியத்துக்குப் பதிலாக ஒரே ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறேன். வாரம் ஒருமுறை, குறித்த கிழமையில், குறித்த நேரத்தில், அரை மணிக்கு மேல் போகாத ஒரு பேச்சு. இது நம் துறைக்குப் புதிதல்ல. ஜான் காட்மன், ஹோவர்ட் மார்க்மன் போன்றவர்கள் தம்பதிகளுக்கு வகுத்த பயிற்சிகளில் வாராந்தரப் பேச்சுக்கு முன்பிருந்தே இடம் உண்டு. ஆனால் நம்மில் பலர் அதைக் கையேட்டில் ஒரு வரியாகப் படித்துவிட்டு, வருகிறவர்களிடமும் ஒரு வரியாகவே சொல்லி அனுப்புகிறோம். பலன் இருப்பது அதன் நுணுக்கத்தில். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேரம் முதலில். தூங்கப் போகும் முன் வேண்டாம், பசியோடு வேண்டாம், ஒருவர் வெளியே கிளம்பும் அவசரத்தில் வேண்டாம். குழந்தை இருந்தால் அது தூங்கும் பகல் நேரம் பல வீடுகளில் ஒத்துவருகிறது. ஃபோன் இரண்டும் அடுத்த அறையில் இருக்கட்டும். அரை மணி ஆனதும் அடிக்கும்படி சமையலறைக் கடிகாரத்தில் ஓர் அலாரம் வைத்தால் போதும். அந்த அலாரத்துக்கு ஒரு தனி வேலை இருக்கிறது. பேசத் தயங்கும் ஆளுக்கு, "இது எப்போது முடியும் என்று எனக்குத் தெரியும்" என்ற தைரியத்தை அதுதான் தருகிறது. பிரச்சினை என்றாலே எழுந்து போய்விடும் கணவர்கள் (மனைவிகளும்தான்) உட்கார ஆரம்பிப்பதற்கு, என் அனுபவத்தில், இந்த முடிவு நேரமே பெரிய காரணம்.

முதல் ஐந்து நிமிடம், அந்த வாரத்தில் மற்றவர் செய்த நல்லவற்றில் இரண்டு மூன்றை ஆளுக்கு ஆள் சொல்ல வேண்டும். "எல்லாத்துக்கும் நன்றி" என்பதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். நாளும் செயலும் இருக்க வேண்டும். "செவ்வாய்க்கிழமை எனக்குத் தலைவலின்னு தெரிஞ்சதும் பிள்ளைய நீங்களே வெளியே கூட்டிட்டுப் போனீங்க." இதைப் பலர் கசப்பு மருந்துக்கு முன் தரும் சர்க்கரை என்று நினைத்து அவசரமாக முடிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு நல்ல விஷயம் சொல்லியாக வேண்டும் என்று தெரிந்த ஆள், வாரம் முழுக்க அதைத் தேடிப் பார்க்கிறார். பார்வை திரும்புவது அந்த ஆறு நாட்களில்தான்.

அடுத்த சில நிமிடங்கள் போன வாரம் செய்துகொண்ட ஏற்பாட்டுக்கு. நடந்ததா, எத்தனை நாள் நடந்தது, நடக்காத நாளில் என்ன தடை? அப்புறம் புதிதாக ஒரு விஷயம், ஒன்றே ஒன்று. ஒரு வாரம் ஒருவர் எடுத்தால் அடுத்த வாரம் மற்றவர். கடைசியில், அடுத்த ஏழு நாளுக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு சின்ன ஏற்பாட்டை நோட்டில் இரண்டு வரியாக எழுதிக்கொள்ள வேண்டும். யார், என்ன, எப்போது. அவ்வளவுதான்.

அந்த ஒரு விஷயத்தை எப்படித் தொடங்குகிறார்கள் என்பதை நீங்கள் கவனமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கேரரும் காட்மனும் 1999-ல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு நினைவிருக்கும். புதிதாக மணமான 124 தம்பதிகளை, தங்களுக்குள் இருக்கும் ஒரு பிரச்சினையைப் பற்றி 15 நிமிடம் பேசச் சொன்னார்கள். அதில் முதல் 3 நிமிடங்கள் போன விதத்தை வைத்தே, அடுத்த ஆறு ஆண்டுகளில் யார் பிரிவார்கள் என்பதைக் கணிசமாக முன்கூட்டிச் சொல்ல முடிந்தது. கடுமையாகத் தொடங்கும் பேச்சு நடுவில் மென்மையாவது அபூர்வம். அதனால் நான் முதல் வாக்கியத்தை என் அறையிலேயே எழுத வைக்கிறேன். என்ன நடந்தது, எனக்கு எப்படி இருந்தது, எனக்கு என்ன வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். "நீங்க எப்பவுமே", "நீ ஒருநாளாவது" என்று வந்தால் அடித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்வேன். சிலர் நாலு தடவை எழுதுவார்கள். அந்த நேரம் வீண் இல்லை.

ஒரு தம்பதி எப்படிச் செய்தார்கள் என்று சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். இரண்டு வயதுக் குழந்தை. மனைவி வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார். கணவர் ஏழு மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டு வாரத்தில் மூன்று நாலு நாள் எட்டு மணிக்கு வருகிறார். "பொறுப்பே இல்லாத மனுஷன்" என்பது மனைவியின் முடிவு. "சம்பாதிக்கறதுக்கும் குத்தம் சொன்னா என்ன செய்யறது" என்பது கணவரின் பதில். இருவருக்கும் இடையே ஒரு வருடமாக இதே இரண்டு வாக்கியங்கள்.

முதல் வாரம் மனைவி எழுதி எடுத்து வந்தது இது: "இந்த வாரம் மூணு நாள் எட்டு மணியாச்சு. ஏழுலேருந்து எட்டு வரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்தேன், தனியா மாட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. லேட்டாகும்னா எனக்கு முன்னாடியே தெரியணும்." கணவர் பதில் சொல்லும் முன், கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. "நான் லேட்டா வர்றது உனக்குப் பிடிக்கல" என்றார். மனைவி இல்லை என்றார். இரண்டாவது முறை, "லேட்டாகறத விட, எப்ப வருவேன்னு தெரியாததுதான் உனக்குக் கஷ்டம்" என்றார். அதற்குத்தான் மனைவி தலையசைத்தார். ஒரு வருடம் தாமதத்தைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறார்கள். உண்மையில் பிரச்சினை தாமதம் இல்லை. அன்றைய ஏற்பாடு: ஏழைத் தாண்டும் என்றால் ஆறு மணிக்குள் கணவர் ஒரு செய்தி அனுப்புவார்.

இரண்டாவது வாரம் நோட்டைத் திறந்தார்கள். தாமதமான நாள் நாலு, செய்தி வந்தது இரண்டு நாள். பழைய வழக்கப்படி என்றால் இங்கே "பாத்தியா, ஒரு வாரம் கூட முடியல" என்று போயிருக்கும். என்ன தடை என்று கேட்பதுதான் இந்தப் பேச்சின் வழி. ஆறு மணிக்கு அவர் பெரும்பாலும் கூட்டத்தில் இருக்கிறார், தாமதமாகும் என்பதே அங்கே இருக்கும்போதுதான் தெரிகிறது, ஃபோனை எடுக்க முடியவில்லை. ஏற்பாட்டை மாற்றினார்கள். தாமதமோ இல்லையோ, தினமும் ஐந்தரைக்கு, உத்தேசமாக எத்தனை மணி என்று ஒரு செய்தி. மறக்காமல் இருக்க ஃபோனில் நினைவூட்டல்.

மூன்றாவது வாரம் செய்தி ஐந்து நாளும் வந்திருந்தது. ஆனால் மனைவியின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "செய்தி வருது. ஆனா நீங்க வந்ததுக்கப்புறமும் அரை மணி நேரம் ஃபோனோட உக்காந்துடறீங்க. அப்ப எனக்கு எட்டு மணி இல்ல, எட்டரைதான்" என்றார். அவருக்கு வேண்டியிருந்தது ஒப்படைப்பு. காலையிலிருந்து தன் கையில் இருக்கும் குழந்தையை இன்னொரு கைக்கு மாற்றும் ஒரு நிமிடத்துக்காகத்தான் அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை முதல் வாரம் அவராலேயே சொல்ல முடிந்திருக்காது, அவருக்கே அது தெரியாது. இதைக் கேட்ட கணவர் தன் பக்கத்தைச் சொன்னார். வண்டியை நிறுத்திய உடனே குழந்தையைக் கையில் வாங்கினால் எரிச்சல் வருகிறது, பத்து நிமிடம் வேண்டும் என்றார். நியாயம்தான். பத்து நிமிடம் அவருக்கு, அதன் பிறகு குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்க வைப்பது வரை முழுக்க அவர் பொறுப்பு. அதோடு அந்த விஷயம் நோட்டிலிருந்து இறங்கியது. மூன்று அரை மணி நேரம், கூட்டினால் ஒன்றரை மணி.

இந்தக் கதையில் நீங்கள் கவனிக்க வேண்டும் என்று நான் நினைப்பது, முதல் ஏற்பாடு தோற்றது. இரண்டாவது ஜெயித்தும் போதவில்லை. வாராந்தரம் என்பதன் பயனே அதுதான். ஒரே இரவில் தீர்வு கண்டுபிடிக்க வேண்டும் என்ற நெருக்கடி இல்லாததால், தப்பான தீர்வை ஏழு நாள் போட்டுப் பார்த்து, அது எங்கே கிழிகிறது என்று தெரிந்துகொள்ள முடிகிறது.

இப்போது கெட்டுப்போகும் விதங்கள். அதிகம் பார்ப்பது சேமிப்பு. ஞாயிற்றுக்கிழமை பேச்சு இருக்கிறது என்றதும் சிலர் வாரம் முழுக்கக் குறைகளைக் குறித்து வைக்க ஆரம்பிப்பார்கள். ஒரு பெண் பதினான்கு குறைகளோடு உட்கார்ந்தார். கணவருக்கு அது விசாரணை போல ஆகிவிட்டது, மூன்றாம் வாரம் வரவே மறுத்துவிட்டார். இதற்கு நான் இரண்டு விதி வைத்திருக்கிறேன். அப்போதே ஒரு வாக்கியத்தில் சொல்லி முடிக்கக் கூடியதை அப்போதே சொல்லிவிட வேண்டும், துண்டை எடுத்துப் போடச் சொல்ல ஞாயிறு வரை காத்திருக்கக் கூடாது. எழுதி வைத்ததில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும், மற்றதை அடுத்த வாரத்துக்குத் தள்ளக் கூடாது, கிழித்துப் போட வேண்டும். உண்மையில் உறுத்துவது தானே திரும்பி வரும். மற்றவை வராது.

இன்னொன்று, வீட்டு நிர்வாகம் உள்ளே புகுந்துவிடுவது. கட்டணம் கட்டியாச்சா, மருத்துவரை எப்போது பார்ப்பது, யார் கூட்டிப் போவது என்று இருபது நிமிடம் போய்விடும். பேசியது போலவே இருக்கும், ஆனால் இருவருக்கும் நடுவே எதுவும் நகர்ந்திருக்காது. நிர்வாகத்துக்கு வேறொரு நாள், வேறொரு பத்து நிமிடம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மூன்றாவது, "இந்த வாரம் ஒண்ணுமில்ல." ஒரு வாரம் என்றால் நல்லதுதான். மூன்று வாரம் தொடர்ந்து ஒரே ஆள் அதைச் சொன்னால், அவருக்குச் சொல்ல எதுவும் இல்லை என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. சொல்லிப் பயனில்லை என்று முடிவு செய்திருக்கலாம், அல்லது முன்பு சொன்னது எங்கேயோ குத்திக் காட்டப்பட்டிருக்கலாம். அப்போது "ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். "இந்த வாரத்துல எப்ப என்கிட்ட ஒண்ணு சொல்ல வந்து சொல்லாம விட்ட?" என்று மற்றவரைக் கேட்கச் சொல்லுங்கள். இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு பதில் இருக்கிறது.

நல்ல வாரங்களில் பேச்சை விட்டுவிடுவதும் ஆபத்து. எல்லாம் சரியாகத்தானே போகிறது, இன்றைக்கு வேண்டாமே என்பார்கள். அப்படி விட்டால், சரியில்லாத வாரங்களில் மட்டும் பேச்சு நடக்கும். பிறகு "வா, உக்காரலாம்" என்ற அழைப்பே எச்சரிக்கை மணி போல ஆகிவிடும். நேரத்தை மாற்றலாம், ஆனால் மாற்றச் சொல்கிறவரே அப்போதே புது நேரத்தையும் சொல்ல வேண்டும். தொடர்ந்து இரண்டு வாரம் விட்டுப்போனவர்கள் தானாகத் திரும்பி வந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த இரண்டாவது வாரத்தில் நீங்கள் ஒரு ஃபோன் செய்து விசாரித்தால் நிறைய மிஞ்சும்.

சூடேறும் நேரத்துக்கும் ஒரு வழி சொல்லி அனுப்புங்கள். நாடி நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டும் அளவுக்கு உடம்பு கொந்தளித்துவிட்டால், மற்றவர் சொல்வது காதில் விழுந்தாலும் உள்ளே போகாது. ஒரே வாக்கியத்தை மூன்றாம் முறை சொல்வது, குரல் ஏறுவது, அல்லது பேச்சே நின்று சுவரைப் பார்ப்பது எல்லாம் அதன் அறிகுறிகள். அங்கே பேசிப் பேசிச் சரிசெய்யப் பார்க்காமல், குறைந்தது 20 நிமிடம் தனித்தனியாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் மனதுக்குள் வாதத்தைத் தொடர்ந்தால் உடம்பு இறங்காது. துணி மடிக்கலாம், நடக்கலாம். போகிறவர் எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போவது ரொம்ப முக்கியம். சொல்லாமல் போனால் இருப்பவருக்கு அது கைவிட்டுப் போனது போலத்தான் இருக்கும்.

கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பயிற்சி பற்றி நம்மில் கருத்து வேறுபாடு உண்டு என்று தெரியும். நன்றாக வாழும் தம்பதிகள் இயல்பான பேச்சில் அப்படிச் செய்வதில்லை என்று காட்மன் குழுவே 1998-ல் எழுதியது. நான் அதை மறுக்கவில்லை. எலும்பு முறிந்த காலுக்குக் கட்டுப் போடுவது போல, அந்த ஒரு விஷயத்தின் முதல் சில நிமிடங்களுக்கு மட்டும்தான் அதைக் கேட்கிறேன். சில மாதங்களில் அவர்களாகவே விட்டுவிடுகிறார்கள். விடட்டும்.

எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். தம்பதிகளுக்குள் வரும் பிரச்சினைகளில் 69 சதவீதம் தீராமல் தொடர்பவை என்பது காட்மனின் கணக்கு. ஒருவர் சிக்கனம், ஒருவர் தாராளம். ஒருவருக்குக் கூட்டம் பிடிக்கும், ஒருவருக்குத் தனிமை. வாராந்தரப் பேச்சு இவற்றைத் தீர்க்காது. தீர்க்கும் என்று சொல்லி அனுப்பினால் ஆறாவது வாரம் ஏமாந்து நிற்பார்கள். அத்தகைய விஷயங்களில் ஏற்பாடு என்பது, வரும் ஏழு நாளில் இதோடு எப்படி உரசாமல் இருப்பது என்ற அளவுக்குத்தான். அந்த அளவே பல வீடுகளுக்குப் போதுமானதாக இருக்கிறது.

ஆனால் பயம் இருக்கும் வீட்டுக்கு இந்தப் பழக்கத்தைக் கொடுக்கவே கூடாது. அடி, மிரட்டல், பணத்தையும் நடமாட்டத்தையும் ஒருவர் முழுக்கக் கட்டுப்படுத்துவது இருக்கும் இடத்தில், மனதில் உள்ளதைச் சொன்னவர் பிறகு அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். இதைக் கண்டுபிடிக்க, இருவரையும் தனித்தனியாக ஒருமுறை பார்க்காமல் இந்தப் பயிற்சியைத் தராதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் ஒவ்வொரு பதிலுக்கும் முன் மற்றவர் முகத்தைப் பார்த்தால், அது ஓர் அடையாளம். அங்கே நம் வேலை பாதுகாப்பு, பேச்சு அல்ல.

உங்களிடம் நான் கேட்பது மூன்றுதான். இந்தப் பேச்சை வாயால் விளக்கி அனுப்பாமல், ஒருமுறை உங்கள் அறையிலேயே முழு அரை மணியும் நடத்த வையுங்கள். நீங்கள் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருங்கள். அது கஷ்டம், எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அடுத்து, அவர்கள் திரும்பி வரும்போது எப்படி இருக்கிறீர்கள் என்பதற்கு முன் நோட்டை வாங்கிப் பாருங்கள். வாரத்துக்கு வாரம் ஏற்பாடு மாறியிருந்தால் பேச்சு உயிரோடு இருக்கிறது. ஒரே வரி ஐந்து வாரமாகத் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தால், அடியில் இருக்கும் விஷயத்தை இன்னும் யாரும் வெளியே எடுக்கவில்லை, அங்கே நீங்கள் உதவலாம்.

மூன்றாவது, பிரிவதற்கு முன் கடைசியாக நம்மிடம் வருகிறவர்களோடு இதை நிறுத்திவிடாதீர்கள், மற்றவர்களுக்கும் கொடுங்கள். திருமணத்துக்கு முன் ஆலோசனைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள், முதல் குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சண்டையே இல்லாததால், என்ன பேசுவது என்று கேட்பார்கள். துண்டையும் ஃபோனையும் பற்றிப் பேசட்டும். எட்டு வாரம் செய்துவிட்டு நோட்டோடு வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி